மெடிக்கல் கோடிங் சான்றிதழ்: பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், பார்மஸி, நர்சிங் என்று உயிரியல் சார்ந்த படிப்பை முடித்தவர்களிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லியிருப்பார்: “மெடிக்கல் கோடிங் போ. சி.பி.சி. முடித்துவிட்டால் வேலை நிச்சயம்.” மெடிக்கல் கோடிங் என்பது மருத்துவர் எழுதும் குறிப்பைக் காப்பீட்டுக்கான குறியீடுகளாக மாற்றும் வேலை; சி.பி.சி. அந்த வேலைக்கான ஓர் அமெரிக்கத் தேர்வுச் சான்றிதழ். சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். கேட்பவர் வீட்டில் கடன் வாங்கி ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்கிறார். சிலருக்கு வேலை கிடைக்கிறது. தேர்வில் தேறியும் ஆறு மாதம் வீட்டில் இருப்பவர்களும் உண்டு. சான்றிதழே இல்லாமல் வேலைக்குச் சேர்ந்து, நிறுவனத்தின் செலவிலேயே அதை வாங்கியவர்களும் உண்டு. மூன்று பேரும் ஒரே துறையில், ஒரே ஊரில் இருக்கிறார்கள்.

“சான்றிதழ் தேவையா, தேவையில்லையா?” என்று பொதுவாகக் கேட்டால் இந்த வேறுபாடு புரியாது. அந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள், வேலையின் எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள் என்று பார்த்தால் புரியும்.

## மூன்று வகைத் தாள்கள்

கார் ஓட்டக் கற்பவரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, “இவர் எங்களிடம் பயின்றார்” என்று ஒரு தாள் தரும். ஆர்.டி.ஓ. அலுவலகம் சோதித்துப் பார்த்து உரிமம் தரும். பிறகு டிராவல்ஸ் உரிமையாளர் ஒருவர் வேலை தர வேண்டுமானால், சாவியைக் கொடுத்து “ஒரு சுற்று ஓட்டிக் காட்டு” என்பார். பள்ளி தந்த தாளை அவர் கேட்கவே மாட்டார். உரிமம் இல்லாவிட்டால் பேச்சே கிடையாது. உரிமம் இருந்தாலும் ஓட்டிக் காட்டாமல் வேலை கிடையாது.

படிப்புச் சந்தையிலும் தாள்கள் இப்படித்தான் பிரிகின்றன. முதலாவது உரிமம்: சட்டப்படி அது இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. தமிழ்நாட்டில் செவிலியராகப் பணியாற்ற நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்வது இந்த வகை. இங்கே செலவுக் கணக்குக்கு இடமே இல்லை; வாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டாவது தகுதிச் சான்று: பாடம் நடத்தியவரைச் சாராத ஓர் அமைப்பு தேர்வு வைத்து, தேறியவருக்கு மட்டும் தருவது. சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. முதலாளி கேட்டால்தான் இதற்கு மதிப்பு. மூன்றாவது நிறைவுச் சான்று: கட்டணம் வாங்கிய நிலையமே, வகுப்புக்கு வந்தவருக்குத் தருவது.

சி.பி.சி. இரண்டாவது வகை. பயிற்சி நிலையம் தரும் “மெடிக்கல் கோடிங் டிப்ளமா” மூன்றாவது வகை. விளம்பரத்தில் இரண்டும் ஒரே எழுத்தளவில் அச்சாகியிருக்கும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். “சான்றிதழுடன் கூடிய பயிற்சி” என்றால் எந்தச் சான்றிதழ், தேர்வுக் கட்டணம் அதில் அடங்குமா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் அடங்காது.

## அந்த வேலையில் என்ன செய்கிறார்கள்

அமெரிக்காவில் ஒருவர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டருகே எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் பார்க்கிறார், எலும்பை இழுத்து நேராக்கிக் கட்டுப் போடுகிறார், குறிப்பு எழுதுகிறார். காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டுமானால் அந்தக் குறிப்பு குறியீடுகளாக மாற வேண்டும். நோய்க்கு ஒரு குறியீடு, சிகிச்சைக்கு ஒரு குறியீடு. குறிப்பைப் படித்துச் சரியான குறியீட்டைத் தேர்வதுதான் கோடிங். கணினி நிரல் எழுதுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்த நோயாளியின் முறிவுக்கு `S52.501A` என்ற குறியீடு வரலாம். அதில் 1 என்பது வலது கை. இறுதியில் உள்ள A, தோலைக் கிழிக்காத முறிவு, முதற்கட்டச் சிகிச்சை என்பதைச் சொல்கிறது. சில வாரம் கழித்து, எலும்பு ஒழுங்காகக் கூடி வருகிறதா என்று பார்க்க வந்தால் அதே குறியீடு D என்று முடியும். சிகிச்சைக்கு, எலும்பை இழுத்து நேராக்கியிருந்தால் `25605`. நேராக்காமல் கட்டு மட்டும் போட்டிருந்தால் `25600`. இரண்டுக்கும் தொகை வேறு. மருத்துவர் குறிப்பில் ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் மருத்துவமனைக்கு நட்டம். செய்யாததைச் செய்ததாகக் குறித்துவிட்டால் சட்டச் சிக்கல்.

இந்த அச்சம்தான் சான்றிதழுக்கு மதிப்பைக் கொடுக்கிறது. சென்னையிலோ திருச்சியிலோ உள்ள நிறுவனம் அமெரிக்க மருத்துவமனைக்காக இந்த வேலையைச் செய்கிறது. “எங்கள் கோப்புகளை யார் பார்க்கிறார்கள்?” என்று மருத்துவமனை கேட்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வாடிக்கையாளரிடம் காட்ட, அவர் ஊரில் மதிக்கப்படும் ஒரு தகுதிச் சான்று வசதியானது. ஆகவே சி.பி.சி.யின் மதிப்பு, நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பேச்சில் பிறக்கிறது. நேர்காணல் எடுக்கும் குழுத் தலைவருக்கு அது முதல் சல்லடை மட்டுமே. அவருடைய கவலை வேறு: இந்த ஆள் உட்கார்ந்து நாளுக்கு இத்தனை கோப்பு பார்ப்பாரா, தணிக்கையில் 95 சதவீதத் துல்லியம் வருமா?

## சி.பி.சி. தேர்வு எதைச் சோதிக்கிறது

சி.பி.சி. தேர்வை நடத்துவது ஏ.ஏ.பி.சி. என்ற அமெரிக்க அமைப்பு, 1988-இல் தொடங்கியது. தேர்வில் 100 கேள்விகள், 4 மணி நேரம், தேறுவதற்கு 70 சதவீதம். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். குறியீட்டு நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். அதனால் எளிது என்று நினைக்க வேண்டாம். ஒரு கேள்விக்குக் கிடைப்பது 2 நிமிடம் 24 நொடி. அதற்குள் ஒரு முழு அறுவைச் சிகிச்சைக் குறிப்பைப் படித்து, தடித்த நூலில் சரியான பக்கத்தைப் பிடித்து, அங்குள்ள விதிக்குறிப்பையும் பார்க்க வேண்டும். பக்கங்களோடு பழகாதவருக்கு நூல் திறந்திருந்தும் பயனில்லை.

தேறியதும் பலருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பணி அனுபவம் இல்லாதவருக்குக் கிடைப்பது சி.பி.சி.-ஏ. கடைசியில் ஒட்டியிருக்கும் “ஏ” பயிலுநர் என்பதைக் குறிக்கும். அதை நீக்க இரண்டு ஆண்டு பணி அனுபவத்தைக் கடிதத்துடன் காட்ட வேண்டும். ஓராண்டு அனுபவத்துக்கு ஈடாக அமைப்பு ஏற்கும் பயிற்சியைக் காட்டவும் வழி உண்டு. சான்றிதழே தன்னுடைய முழு மதிப்புக்கு அனுபவத்தைக் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். “அனுபவம் இல்லாவிட்டால் என்ன, சான்றிதழ் இருக்கிறதே” என்ற நம்பிக்கையை அந்த ஓர் எழுத்து பாதியாக்கிவிடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சி.பி.சி. சட்டம் கேட்கும் உரிமம் இல்லை, வாடிக்கையாளரின் நம்பிக்கைக்காகக் கேட்கப்படும் தகுதிச் சான்று. தேடும் திறனையும் வேகத்தையும் அது உண்மையாகவே சோதிக்கிறது. ஆனால் அனுபவத்தின் இடத்தை நிரப்புவதில்லை.

## எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள்?

இதைக் கண்டுபிடிக்க யாரிடமும் ஆலோசனைக் கட்டணம் கொடுக்க வேண்டாம். ஒரு மாலை நேரம் போதும். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் உங்கள் ஊரைப் போட்டு, மெடிக்கல் கோடிங் விளம்பரங்களில் ஒரு 40-ஐ எடுங்கள். நோட்டில் மூன்று பத்திகள் போடுங்கள்: எத்தனை ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள், சான்றிதழ் கட்டாயமா முன்னுரிமையா குறிப்பே இல்லையா, எந்தப் பட்டப்படிப்பு. விளம்பரம் விளம்பரமாக நிரப்புங்கள்.

நிரப்பி முடித்ததும் ஓர் எல்லைக்கோடு தெரியும். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்: அனுபவம் ஓராண்டைத் தாண்டிய இடங்களில் “சான்றிதழ் கட்டாயம்” என்ற வரி அடிக்கடி வருகிறது. புதியவர்களுக்கான இடங்களில் “சான்றிதழ் உள்ளவர்களும் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம்” என்ற மாதிரி இருக்கிறது. பல பெரிய நிறுவனங்கள் புதியவர்களைத் தாங்களே எடுத்து, தாங்களே பயிற்சி கொடுக்கின்றன. அந்த நுழைவுத் தேர்வில் குறியீடுகளைவிட உடற்கூறியல், உடலியங்கியல், மருத்துவச் சொற்கள் ஆகியவற்றைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கல்லூரிப் பாடத்தை மறுபடி படித்தாலே பாதிக்கு மேல் தேறிவிடலாம். உங்கள் ஊரில், நீங்கள் பார்க்கும் மாதத்தில், கோடு வேறு இடத்தில் விழுந்தால் உங்கள் நோட்டை நம்புங்கள், என் வாக்கை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது பத்தியைப் பலர் பார்ப்பதே இல்லை. சி.பி.சி. தேர்வை எழுத எந்தப் பட்டமும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் இங்குள்ள நிறுவனங்கள் பல, உயிரியல் அல்லது மருத்துவம் சார்ந்த பட்டம் உள்ளவரைத்தான் எடுக்கின்றன. பி.காம். படித்த ஒருவர் கடினமாகப் படித்துத் தேர்வில் தேறிவிட்டு, விண்ணப்பத்தின் முதல் கட்டத்திலேயே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தேர்வு எழுதும் தகுதி வேறு, வேலைக்கு எடுக்கும் தகுதி வேறு என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அவரிடம் கட்டணம் வாங்கியது மிகப் பெரிய தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதே துறையில், காப்பீட்டு நிறுவனங்களை அழைத்து நிலுவைத் தொகையைப் பேசி வாங்கும் ஏ.ஆர். காலர் வேலைக்குப் பட்டம் ஒரு தடையில்லை. அங்கே பேச்சு ஆங்கிலம்தான் பார்க்கப்படுகிறது, சி.பி.சி. கேட்கப்படுவதில்லை.

## ஒரு கணக்கு

இப்போது பணம். கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்த் தொகையை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக் கட்டணம் 30,000 ரூபாய். தேர்வுக் கட்டணம், ஏ.ஏ.பி.சி. உறுப்பினர் கட்டணம், நூல்கள் எல்லாம் சேர்த்து 50,000. ஆக 80,000 என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். வகுப்புக்கு மூன்று மாதம், தேர்வுக்குத் தயாராக இரண்டு மாதம் ஆகிறது. அந்த ஐந்து மாதத்தில் மாதம் 15,000 ரூபாய் வேலையில் சேர்ந்திருக்க முடியும் என்றால், போன சம்பளம் 75,000. உண்மையான விலை 1,55,000.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? சான்றிதழுடன் வரும் புதியவருக்கு மாதம் 3,000 அதிகம் என்று வைப்போம். போட்ட பணம் திரும்ப 52 மாதம், அதாவது நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் அந்த 3,000 வித்தியாசம் நிலைக்கவும் போவதில்லை. சான்றிதழ் இல்லாமல் பக்கத்து இருக்கையில் சேர்ந்தவர் ஓராண்டு கழித்து, சம்பளம் வாங்கிக்கொண்டே, அலுவலகத்தில் நாள் முழுதும் இதே வேலையைச் செய்து கைபழகிய பிறகு தேர்வு எழுதிவிடுவார். அவருக்குச் செலவு 50,000 மட்டுமே. சில நிறுவனங்கள் தேறியவருக்குத் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதும் உண்டு. ஆகவே சான்றிதழ் இல்லாமல் உள்ளே நுழைய முடிந்தால், முதலில் நுழைந்துவிட்டுப் பிறகு வாங்குவதே லாபம்.

அந்த “முடிந்தால்” என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் தேடினால் எட்டு மாதம் ஆகும் என்று வையுங்கள். போகும் சம்பளம் 1,20,000. சான்றிதழ் வாங்கியதும் உடனே வேலை கிடைக்கிறது என்றால் அந்த வழியின் விலை முன்பு பார்த்த 1,55,000. வித்தியாசம் 35,000 மட்டுமே; மாதம் 3,000 கூடுதலாக வந்தால் ஓராண்டில் சரியாகிவிடும். இப்போது பயிற்சியில் சேர்வதே புத்திசாலித்தனம்.

ஒரே படிப்பு, ஒரே கட்டணம். முடிவு தலைகீழாக மாறியது. மாற்றியது ஒரே எண்: சான்றிதழ் இல்லாமல் எத்தனை மாதத்தில் நுழைய முடியும் என்பது. அந்த எண்ணை யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது, ஆனால் நீங்களே ஓரளவு அறியலாம். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மாதம், நிறுவனங்கள் ஆளெடுக்க நடத்தும் நேரடித் தேர்வுகளுக்குப் போய்வாருங்கள். எழுத்துத் தேர்விலேயே விழுந்தால் உங்களுக்குத் தேவை உடற்கூறியல். அதற்கு 30,000 வேண்டாம். எழுத்துத் தேர்வில் தேறி, பேசும் கட்டத்தில் “சான்றிதழ் இருந்தால் வாருங்கள்” என்று இரண்டு மூன்று இடங்களில் திருப்பி அனுப்பினால், அதுதான் சி.பி.சி.க்குப் பணம் போட வேண்டிய அடையாளம்.

ஒரு எச்சரிக்கை. நிறுவனங்கள் புதியவர்களை எடுப்பதையே நிறுத்திவைக்கும் காலங்கள் வரும். அப்போது சான்றிதழ் உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாகத்தான் காத்திருப்பார்கள். சான்றிதழ் வரிசையில் உங்களை முன்னே நகர்த்தும், வேலையிடத்தை உருவாக்காது. 40 விளம்பரங்களைத் தேடும்போது புதியவர்களுக்கானவை ஐந்துகூடத் தேறவில்லை என்றால், இது அந்தக் காலம்.

## “நூறு சதவீத வேலை உறுதி”

பயிற்சி நிலையங்களில் நல்லவை இருக்கின்றன. தானே கோடராக வேலை பார்த்து, வருடா வருடம் மாறும் விதிகளைப் படித்து நடத்தும் ஆசிரியரிடம் கற்றால் தேர்வில் தேறும் வாய்ப்பு நிச்சயம் கூடும். சிகிச்சைக் குறியீடுகள் ஒவ்வொரு ஜனவரியிலும், நோய்க் குறியீடுகள் அக்டோபரிலும் புதுப்பிக்கப்படுகின்றன. மூன்று ஆண்டுக்கு முந்தைய நகல் தாள்களை வைத்து நடத்துகிறார்களா என்று மேசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வேலை உறுதி பற்றிக் கேட்கும்போது சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை எண்ண வேண்டாம். கடைசியாகப் பயிற்சி முடித்த ஒரே ஒரு மாணவர் அணியை எடுத்துக் கேளுங்கள்: அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், எத்தனை பேர் கோடராக வேலையில் இருக்கிறார்கள். 30 பேர் சேர்ந்து, 10 பேர் தேர்வு எழுதி, அதில் 9 பேருக்கு வேலை கிடைத்தால் “90 சதவீதம்” என்று சொல்லிவிடலாம். உண்மையில் அது 30 சதவீதம். ஏ.ஆர். காலராகச் சேர்ந்தவரையும் கோடிங் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த அணியில் இருவரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். தொலைபேசி எண் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

வேலை வாங்கித் தருவதற்கே தனியாகப் பணம் கேட்டால் அங்கே ஒரு நிமிடமும் இருக்க வேண்டாம். முறையான நிறுவனம் ஆளெடுக்கப் பணம் வாங்காது.

## வாங்கிய பிறகு தொடரும் செலவு

சி.பி.சி. ஒருமுறை வாங்கி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டும் பட்டம் போன்றதல்ல. உறுப்பினர் கட்டணத்தைத் தொடர்ந்து கட்ட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 36 தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும். தவறினால் தகுதி செல்லாததாகிவிடும். நிறுவனங்கள் உறுப்பினர் எண்ணைப் போட்டு ஏ.ஏ.பி.சி. தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளும் என்பதால், காலாவதியான சான்றிதழை விண்ணப்பத்தில் எழுதினால் உடனே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே தேறி, சி.பி.சி.-ஏ. வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு மூன்று செய்திகள். உறுப்பினர் கட்டணத்தை இடையில் விட்டுவிடாதீர்கள். வேலை கிடைக்கும் மாதத்தில் அது செல்லுபடியாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் “ஏ” என்ற எழுத்தை மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். கோடிங் இடம் கிடைக்காமல் அதே நிறுவனத்தில் பில்லிங் அல்லது ஏ.ஆர். வேலை கிடைத்தால், சேர்வதற்கு முன் ஹெச்.ஆர். அலுவலரிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: உள்ளிருந்து கோடிங் பிரிவுக்கு மாற எத்தனை மாதம் ஆக வேண்டும், கடந்த ஆண்டு அப்படி யாராவது மாறியிருக்கிறார்களா? அந்த வேலையில் கழியும் மாதங்கள் கோடிங் அனுபவமாக எண்ணப்படுமா என்பதை ஏ.ஏ.பி.சி.யிடமே எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். “ஏ”-வை நீக்க விண்ணப்பிக்கும் நாளில் அந்தப் பதில் தேவைப்படும்.